"சனி" என்று ஒரே சொல்லில் பதில் வரும்படி சந்திப்பு நேரம் கேட்பது எப்படி

ரொறன்ரோவில் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றின் பாடநூல் வேலைகளை ஒருங்கிணைக்கிறேன். பாடங்களை எழுதித் தருபவர் மதுரையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சம்பளம் வாங்காமல் எழுதித் தருகிறார். அவரிடம் அரை மணி நேரம் கேட்டு எழுதும் வேலை இந்த ஆண்டிலிருந்து குழுவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களிடம் போகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சென்னையில் இருக்கும் அச்சகத்துக்கோ, யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஓவியருக்கோ எழுதுகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில்தான் இருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் நான் ஐயாவுக்கு எழுதிய மின்னஞ்சலில் "வெள்ளி இரவு 9 மணிக்குக் கதைப்போமா?" என்று இருந்தது. அவர் "நல்லது" என்று பதில் போட்டார். மதுரையில் வெள்ளி இரவு 9 மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கணினிக்கு முன் அமர்ந்து, பத்தே முக்கால் மணி வரை காத்திருந்திருக்கிறார். அப்போது ரொறன்ரோவில் வெள்ளி மதியம். நான் வேலையில் இருந்தேன். எங்கள் வெள்ளி இரவு 9 மணிக்கு நான் அழைத்தபோது அவருக்குச் சனி காலை 6.30. கோபப்படவில்லை. "கண் கொஞ்சம் எரிகிறது, நாளைக்குப் பார்ப்போமா?" என்றுதான் கேட்டார். அந்த வரி இன்னும் மனதை அறுக்கிறது. தவறு முழுக்க என் கடிதத்தில் இருந்தது. யாருடைய 9 மணி என்று அதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் கடிதம் எழுதும் முறையே மாறியது. ஐயா பதில் எழுத எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அவர் கணக்குப் போடக்கூடாது, எங்கள் நாட்காட்டியைப் பற்றி யோசிக்கக்கூடாது, "எதைப் பற்றி?" என்று திருப்பிக் கேட்கவும் கூடாது. அந்த வேலை எல்லாவற்றையும் அனுப்புவதற்கு முன் நாம் செய்து முடித்துவிட வேண்டும். சென்ற ஒக்டோபரில் 3ஆம் வகுப்பு நூலுக்காக எழுதிய கடிதத்தை வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எழுதவேண்டியது நேரம் அல்ல, கேள்வி

பெரும்பாலானவர்கள் நேரத்தில் தொடங்குகிறார்கள். நான் கேள்வியில் தொடங்கச் சொல்வேன். எத்தனை கேள்வி என்று தெரிந்தால்தான் எத்தனை நிமிடம் என்று தெரியும். எத்தனை நிமிடம் என்று தெரிந்தால்தான் எந்த நேரத்தைக் கொடுக்கலாம் என்பது தெரியும்.

நிகழ்ச்சி நிரல் என்று தலைப்புப் போட்டு "பாடநூல் பற்றிக் கலந்துரையாடல்" என்று எழுதுவதில் பயன் இல்லை. அதைப் படிக்கும் ஐயா எதைத் தயார் செய்துகொண்டு வருவார்? முழு நூலையும் மறுபடி படிக்கவேண்டுமோ என்று நினைப்பார். அப்படி நினைத்தால் "கொஞ்சம் பொறுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் வரும், பிறகு இரண்டு வாரம் போய்விடும். இது எங்களுக்கு உண்மையிலேயே நடந்தது.

ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாக இருக்கட்டும். அதற்கு ஆம், இல்லை, அல்லது ஒரு தேதி என்று பதில் சொல்ல முடியவேண்டும். எங்கள் 4ஆம் பாடத்தில் வகுப்பறைப் பொருட்களின் பெயர்கள் வருகின்றன. ஐயா "நாற்காலி" என்று எழுதியிருந்தார். இங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஈழத்துக் குடும்பங்கள். அவர்கள் வீட்டில் அதைக் "கதிரை" என்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் கேட்கும் சொல் புத்தகத்தில் இல்லையென்றால், அம்மம்மா சொல்வது பிழை என்று அது நினைத்துக்கொள்கிறது. இது எங்களுக்குப் பெரிய விஷயம். என்னுடைய முதல் வரைவில் "வட்டார வழக்குகள்" என்று ஒரு தலைப்பாகத்தான் இதைப் போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டு இப்படி மாற்றினேன்: "பாடம் 4: நாற்காலி என்பதோடு கதிரை என்ற சொல்லையும் சேர்க்கலாமா?" இதைப் படித்தவுடனேயே ஐயாவின் மனதில் பதில் உருவாகத் தொடங்கிவிடும்.

மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். நான்காவது இருந்தால் அது பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே கேட்டு முடிக்கக்கூடியதாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் போடுங்கள். 15, 10, 5 என்று கூட்டினால் 30. கடினமான கேள்வி முதலில் வரட்டும், எளியது கடைசியில். நேரம் இழுத்துக்கொண்டு போனால் கடைசியில் இருப்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளலாம். ஸூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு தானாகவே அறுந்துவிடும். 30 நிமிடத்துக்குத் திட்டமிட்டால் அந்தப் பயமும் இல்லை.

கேள்விக்குரிய பக்கங்களை மட்டும் இணையுங்கள். எங்களுக்கு அது மூன்று பக்கம். முழு நூலையும் இணைத்தால், எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று தேடும் வேலையை அவர் தலையில் போடுகிறோம்.

மூன்று நேரம், மூன்று வெவ்வேறு கிழமை

ஒரே ஒரு நேரத்தைக் கொடுத்து அது அவருக்குத் தோதில்லை என்றால் கடிதப் போக்குவரத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "உங்களுக்கு எப்போது வசதியோ சொல்லுங்கள்" என்பது மரியாதையான வரியாகத் தோன்றும். ஆனால் தேடும் வேலை முழுவதையும் அது அவரிடம் தள்ளிவிடுகிறது. ஆறு ஏழு நேரங்களைக் கொடுத்தால் அவர் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், சாயங்காலம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பார். அந்த ஆறையும் வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும் சிரமம் நமக்கு. என் அனுபவத்தில் மூன்றுதான் சரியான எண்ணிக்கை.

மூன்றும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மாலை 5.30 என்று கொடுத்தால், அவர் மாலையில் கோயிலுக்குப் போகிறவராக இருந்தால் மூன்றும் ஒரே அடியில் போய்விடும். ஒன்றாவது காலையாக இருக்கட்டும். ஒன்றாவது அடுத்த வாரத்தில் இருக்கட்டும், ஊருக்குப் போயிருந்தால் திரும்பி வந்திருப்பார்.

தெரிவுகளுக்கு 1, 2, 3 என்று எண் போடாதீர்கள். ஒருமுறை அச்சகத்திலிருந்து "3 ஓகே" என்று பதில் வந்தது. மூன்றாவது தெரிவா, 3ஆம் தேதியா, 3 மணியா? மூன்றுமே அந்தக் கடிதத்தில் இருந்தன. அ, ஆ, இ என்று போட்டுப் பார்த்தேன். ஐயா குரல் பதிவில் பதில் அனுப்பினார். அவர் சொன்னது குறிலா நெடிலா என்று நான்கு முறை கேட்டும் தெரியவில்லை. கடைசியில் கிழமைப் பெயரையே அடையாளமாக வைத்தேன். ஒரு கிழமையில் ஒரு நேரம் மட்டும் கொடுத்தால் "சனி" என்ற ஒரே சொல் போதும். எழுதினாலும் சொன்னாலும் அதில் குழப்பம் வராது.

இதில் இங்கே வளர்ந்தவர்களுக்கும் ஈழத்துக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. நாங்கள் "அடுத்த கிழமை" என்றால் அடுத்த வாரம் என்று பொருள். மதுரையில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய் என்ற நாள்தான். "அடுத்த கிழமை கதைப்போம்" என்று எழுதினால் "எந்தக் கிழமை?" என்றுதான் பதில் வரும். "பின்னேரம்" என்ற சொல்லும் அங்கே புழக்கத்தில் இல்லை. மாலை என்று எழுதுங்கள். "அடுத்த வெள்ளி" என்பது எந்த ஊரிலும் குழப்பம்தான், நாளை மறுநாள் வருவதா, அதற்கு அடுத்த வாரத்தில் வருவதா என்று ஆளுக்கு ஆள் மாறும். கிழமையோடு தேதியையும் எழுதுங்கள், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 1/11 என்று போட்டால் மதுரையில் அது நவம்பர் 1. இங்கே பலருக்கு ஜனவரி 11.

கிழமையும் தேதியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் எது சரி என்று கேட்பதற்கே ஒரு கடிதம் போகும்.

மணிக்கணக்கு

கடிதத்தில் அவருடைய நேரத்தை மட்டும் எழுதுங்கள். இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவது முழுமையாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கிழமை, இரண்டு மணி என்று நான்கு விவரம் சேர்ந்துவிடும். அவருக்கு வேண்டியது இரண்டுதான். "எல்லாம் மதுரை நேரம்" என்று ஒரு வரி போதும். நம் நேரத்தை நாம் தனியே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட நான் ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறேன். கோடையில் மதுரை ரொறன்ரோவை விட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஒன்பதரையைக் கூட்டுவதில் பிழை வரும். அதற்குப் பதிலாக நம் மணியிலிருந்து இரண்டரையைக் கழியுங்கள், காலையை மாலையாக மாற்றுங்கள். நம் காலை 8.00 என்றால் இரண்டரை கழித்து 5.30, அவருக்கு அதே நாள் மாலை 5.30. நம் இரவு 9.30 என்றால் 7.00, அவருக்குக் காலை 7.00, ஆனால் அடுத்த நாள். மாலையோ இரவோ காலையாக மாறும்போதெல்லாம் தேதி ஒன்று ஏறும். கிழமையும் ஏறும். இதைத்தான் நான் அன்று மறந்தேன்.

குளிர்காலத்தில் இரண்டரைக்குப் பதில் ஒன்றரையைக் கழிக்க வேண்டும். ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைக்கிறோம், மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி முன்னுக்கு வைக்கிறோம். இந்தியாவில் கடிகாரம் மாறுவதே இல்லை. ஆகவே மாறுவது நம் பக்கம்தான், அதை அவரிடம் விளக்கவேண்டிய தேவையும் இல்லை.

சென்ற ஆண்டு அந்த மாற்றம் நவம்பர் 2ஆம் தேதி வந்தது. நான் கொடுக்க நினைத்த மூன்று நேரங்களில் இரண்டு அதற்கு முன், ஒன்று அதற்குப் பின். ஒக்டோபர் 30 வியாழன் நம் காலை 8.00 அவருக்கு மாலை 5.30. ஒக்டோபர் 31 வெள்ளி நம் இரவு 9.30 அவருக்கு நவம்பர் 1 சனி காலை 7.00. நவம்பர் 4 செவ்வாய் அதே காலை 8.00 அவருக்கு 5.30 அல்ல, 6.30. இந்தக் கடைசியைத் தவறாக எழுதியிருந்தால் அவர் மறுபடி ஒரு மணி நேரம் காத்திருந்திருப்பார். கூட்டம் ஒக்டோபர் கடைசியிலோ மார்ச் நடுவிலோ வந்தால் இந்த ஒரு இடத்தைக் கட்டாயம் இரண்டு முறை பாருங்கள்.

நள்ளிரவு 12 மணியை எந்தப் பக்கத்திலும் கொடுக்காதீர்கள். ஊரில் இரவு 12.10க்குப் புறப்படும் ரயிலுக்குத் தேதியை மாற்றிப் பதிவுசெய்து, ஒரு நாள் தாமதமாக நிலையத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், புரியும்.

இன்னொன்று, அவருடைய நாளை அவருடைய கண்ணால் பாருங்கள். நமக்கு மிகவும் வசதியானது ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 8.30 வரை. கோடையில் அது மதுரையில் ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை. நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பார்த்தால் அது அப்படியே ஞாயிற்றுக்கிழமை இராகு காலம். ஐயா இராகு காலத்தில் புதிய வேலை எதையும் தொடங்கமாட்டார். அதைக் காரணமாகவும் சொல்லமாட்டார், "அன்று கொஞ்சம் வேலை" என்பார். நாம் ஏன் என்று தெரியாமல் அதே நேரத்தை மறுபடி மறுபடி கொடுத்துக்கொண்டிருப்போம். செவ்வாய்க்கு 3 முதல் 4.30, வியாழனுக்கு 1.30 முதல் 3, சனிக்கு 9 முதல் 10.30. நான் கொடுத்த மூன்றும் இவற்றைத் தொடவில்லை. நம் பக்கத்தையும் பார்க்கவேண்டும்: ஒக்டோபர் 31 ஹலோவீன். எங்கள் குழுவில் சின்னப் பிள்ளை உள்ளவரிடம் கேட்டேன். 9.30க்குள் வீடு திரும்பிவிடுவோம் என்றார், அதன் பிறகுதான் அந்த நேரத்தை எழுதினேன்.

நம் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கலந்துகொள்வதாக இருந்தால் அவர்களிடம் முதலில் கேட்டு முடித்துவிட்டுத்தான் ஐயாவுக்கு எழுதவேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூன்று தெரிவையும் அனுப்பினால், ஒருவர் வியாழன் என்பார், மற்றவர் சனி என்பார், ஐயா சொன்ன செவ்வாய்க்கு யாரும் வரமாட்டார்கள்.

கடிதம்

இவ்வளவும் முடிந்த பிறகு எழுத அதிகம் இருக்காது. ஒக்டோபர் 23 வியாழன் நான் அனுப்பியது இது:

> பொருள்: 3ஆம் வகுப்பு நூல் – 30 நிமிடச் சந்திப்பு – திங்கள் இரவுக்குள் ஒரு சொல் பதில்
>
> மதிப்புக்குரிய ஐயாவுக்கு,
>
> வணக்கம். 3ஆம் வகுப்பு நூலில் மூன்று இடங்களில் உங்கள் முடிவு தெரிந்தால் அச்சுக்கு அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 30 நிமிடம் போதும். இந்த மூன்றில் எது உங்களுக்கு வசதி?
>
> வியாழன் (ஒக்டோபர் 30) மாலை 5.30 – 6.00
>
> சனி (நவம்பர் 1) காலை 7.00 – 7.30
>
> செவ்வாய் (நவம்பர் 4) மாலை 6.30 – 7.00
>
> எல்லாம் மதுரை நேரம். கிழமையை மட்டும் பதிலாக எழுதினால் போதும். மூன்றுமே தோதில்லை என்றால் "வேறு" என்று எழுதுங்கள், நான் அழைத்துக் கேட்கிறேன்.
>
> முடிவு செய்யவேண்டியவை:
>
> பாடம் 4: "நாற்காலி" என்பதோடு "கதிரை" என்ற சொல்லையும் சேர்க்கலாமா? (15 நிமிடம்)
>
> பாடம் 7: ல, ள, ழ பயிற்சியை 5ஆம் பாடத்துக்கு முன் கொண்டுவரலாமா? (10 நிமிடம்)
>
> திருத்திய பிரதி எந்தத் தேதியில் கிடைக்கும்? (5 நிமிடம்)
>
> இந்தப் பாடங்களின் மூன்று பக்கங்களை இணைத்திருக்கிறேன். திங்கள் (ஒக்டோபர் 27) இரவு வரை மூன்று நேரத்தையும் உங்களுக்காக வைத்திருப்பேன்.
>
> அன்புடன்,
> (பெயர்)

பொருள் வரியைக் கவனியுங்கள். "வணக்கம் ஐயா" என்றோ "ஒரு வேண்டுகோள்" என்றோ அதில் போட்டால், திறக்காமல் என்ன என்று தெரியாது. நான்கு நாள் கழித்துத் தேடினாலும் கிடைக்காது. எது பற்றி, எவ்வளவு நேரம், எப்போதுக்குள் பதில் என்ற மூன்றும் அங்கேயே இருக்கட்டும்.

நேரங்கள் மேலே, கேள்விகள் கீழே. சிலர் இதை மாற்றிப் போடச் சொல்வார்கள். நாம் அவரிடம் இப்போது கேட்பது ஒரு கிழமைப் பெயரை மட்டும்தான். அது கைபேசித் திரையில் கீழே தள்ளாமல் தெரியவேண்டும். அனுப்பும் முன் உங்கள் கைபேசிக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். மூன்று நேரங்களும் முதல் திரையில் தெரியவில்லை என்றால் முன்னுரை நீளம் என்று பொருள். ஒவ்வொரு நேரத்துக்கும் தனி வரி கொடுங்கள், பத்திக்குள் புதைத்துவிட வேண்டாம்.

முடியும் நேரத்தையும் எழுதியிருப்பதைப் பாருங்கள். தொடங்கும் நேரம் மட்டும் இருந்தால், எவ்வளவு நேரம் இழுக்குமோ என்ற தயக்கம் மூத்தவர்களுக்கு வரும். "காலை 7.30க்கு முடிந்துவிடும், பிறகு பூசைக்குப் போகலாம்" என்று அவர் தன் நாளை அடுக்கிக்கொள்ள முடியவேண்டும்.

"வேறு" என்ற சொல்லை நான் யோசித்துத்தான் வைத்தேன். மறுப்புச் சொல்வது நம்மவர்களுக்குக் கஷ்டம். முடியாது என்று எழுதக் கூச்சப்பட்டு பேசாமல் இருந்துவிடுவார்கள், நாம் மின்னஞ்சல் போய்ச் சேரவில்லையோ என்று நினைப்போம். மறுப்பதற்கும் ஒரே சொல் போதும் என்று நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும். "வேறு" என்று வந்தால் மறுபடி மூன்று நேரம் எழுதி அனுப்பாமல், தொலைபேசியில் அழைத்து அங்கேயே முடித்துவிடுங்கள்.

என் முதல் வரைவில் பதிலுக்கான கெடு செவ்வாயாக இருந்தது. அனுப்பும் முன் படித்தபோதுதான் உறைத்தது: கடைசித் தெரிவும் செவ்வாய். "செவ்வாய்" என்று பதில் வந்தால், செவ்வாய்க்குள் சொல்கிறேன் என்கிறாரா, செவ்வாய் சந்திக்கலாம் என்கிறாரா? கெடுவைத் திங்களுக்கு மாற்றினேன். கிழமைப் பெயரை அடையாளமாக வைக்கும்போது, அந்தக் கடிதத்தில் அதே பெயர் வேறு எதற்கும் வரக்கூடாது. கெடுவுக்கும் முதல் நேரத்துக்கும் இடையில் இரண்டு நாளாவது விடுங்கள்.

அனுப்பிய பின்

மூன்று நேரத்தையும் உங்கள் நாட்காட்டியில் உடனே குறித்து வையுங்கள். கூகுள் நாட்காட்டியில் குறிக்கும்போது நேரத்துக்குப் பக்கத்தில் நேர வலயத்தைத் தெரிவுசெய்யும் இடம் இருக்கிறது. அதில் இந்திய நேரத்தைத் தெரிவுசெய்து, கடிதத்தில் எழுதிய அதே மணியைப் போடுங்கள். சேமித்தவுடன் அது உங்கள் நேரத்தில் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். நீங்கள் கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போனால் கணக்குச் சரி. ஒரு மணி விலகியிருந்தால் கோடை, குளிர்கால மாற்றத்தில் பிசகியிருக்கிறீர்கள். பன்னிரண்டு மணியோ ஒரு நாளோ விலகியிருந்தால் காலை மாலை மாறியிருக்கிறது, அல்லது தேதியை ஏற்ற மறந்திருக்கிறீர்கள். உடனே திருத்திய கடிதம் ஒன்று அனுப்புங்கள், பொருள் வரியில் "திருத்தம்" என்று போட்டு.

கெடு முடியும்வரை அந்த மூன்று நேரத்தையும் வேறு எவருக்கும் தரக்கூடாது. அச்சகத்துக்கும் அதே வியாழனைக் கொடுத்து, இருவரும் "வியாழன்" என்று எழுதிவிட்டால், ஒருவரிடம் நாம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவேண்டி வரும்.

கெடு நாள் மாலை வரை பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல். பழைய கடிதத்தை முழுவதுமாகத் திரும்ப அனுப்பாதீர்கள். "ஐயா, வியாழன் மாலை 5.30, சனி காலை 7, செவ்வாய் மாலை 6.30 – இதில் எது வசதி?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். அதற்கும் பதில் இல்லை என்றால் அழையுங்கள். உடல்நலமில்லாமல் இருக்கலாம், கைபேசி கெட்டுப்போயிருக்கலாம்.

பதில் வந்ததும் அதே மணி நேரத்துக்குள் உறுதி செய்யுங்கள். உறுதிக் கடிதத்தில் மற்ற இரண்டு நேரங்களும் இருக்கக்கூடாது: "நன்றி ஐயா. சனி, நவம்பர் 1, காலை 7.00 முதல் 7.30 வரை, மதுரை நேரம். நானே வாட்ஸ்அப்பில் அழைக்கிறேன்." யார் யாரை அழைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பார்கள். ஸூம் இணைப்பு என்றால் அதையும் இந்தக் கடிதத்திலேயே கொடுங்கள், முதல் கடிதத்தில் அல்ல. கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு அவர் தேடுவது கடைசியாக வந்த செய்தியைத்தான். பதில் குரல் பதிவில் வந்திருந்தாலும் உறுதி எழுத்தில் போகட்டும். பிறகு மற்ற இரண்டு நேரத்தையும் உங்கள் நாட்காட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முந்தின நாள் அவருடைய மாலையில் ஒரு வரி நினைவூட்டல். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, அவருடைய வெள்ளி மாலை 6 மணி. நமக்கு அது வெள்ளி காலை 8.30. "நாளை காலை 7 மணிக்கு அழைக்கிறேன் ஐயா." இங்கே நாளை என்று எழுதலாம், அவருக்கு அது நாளைதான். நமக்குத்தான் அது இன்றிரவு.

ஒக்டோபர் 24 வெள்ளி, நம் காலை நான் எழுந்தபோது ஐயாவின் பதில் வந்திருந்தது. "சனி. கதிரையும் இருக்கட்டும், படத்துக்குக் கீழே இரண்டு சொல்லையும் போடுங்கள். ழகரத்தைப் பற்றி மட்டும் நேரில் பேசவேண்டும்." முப்பது நிமிடம் கேட்டிருந்தோம். பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது.